எந்தப் பிரதியைக் காட்டுவது?

மன்னார் முத்துக்குளிப்புப் பற்றி எழுதியபோது, ஒரு கட்டுரையைப் பல்கலைக்கழகக் களஞ்சியமொன்றில் இலவசமாக வாசித்தேன். அதே கட்டுரை ஆய்விதழில் 211 முதல் 230 வரையான பக்கங்களில் வந்திருந்தது. அதைத் திறக்கப் பணம் கட்ட வேண்டும். நான் ஆய்விதழின் விபரங்களைப் போட்டு, "பக்கம் 7" என்று எழுதிவிட்டேன். என் எழுத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "211ல தொடங்குற கட்டுரையில 7ஆம் பக்கம் எங்க நானா இருக்கு?"

பிழை பக்க எண்ணோடு நிற்கவில்லை. நான் வாசித்த கோப்பின் முதற்பக்கத்தில் Accepted Manuscript என்றிருந்தது. நடுவர்கள் ஏற்றுக்கொண்ட, ஆனால் ஆய்விதழ் இன்னும் மொழி திருத்திப் பக்கம் அமைக்காத பிரதி அது. பிறகு நூலகர் மூலம் வெளிவந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். நான் மேற்கோள் காட்டிய வசனத்தில் "பெரும்பாலோர்" என்பது "பலர்" என்று மாறியிருந்தது. என் வாதமே அந்தச் சொல்லில்தான் நின்றது.

இப்போ நான் வாசித்த பிரதியையே காட்டுகிறேன். ஆய்விதழ்ப் பிரதி கைக்கு வந்தால், அதன் பக்கத்தையும் டிஓஐ எண்ணையும் கொடுத்து, பணம் கட்ட முடியாத வாசகருக்காகக் களஞ்சிய இணைப்பையும் இறுதியில் சேர்ப்பேன். வராவிட்டால், "ஏற்றுக்கொள்ளப்பட்ட கைப்பிரதி" என்று வெளிப்படையாகக் குறித்து, களஞ்சியத்தின் நிலையான இணைப்பைத் தருவேன். மேற்கோளின் இடத்தை உபதலைப்பாலும் பந்தி எண்ணாலும் காட்டுவேன். ஒன்றை வாசித்துவிட்டு மற்றதன் பெயரைப் போடுவதில்லை.