வால் நறுக்கிய வாக்கியங்கள்

ஆசிரியர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனால் நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டிவிடுவார். கை எழுதுவதோ அதில் கால்வாசி. மீதியைச் சுருக்கித்தான் பிடிக்க வேண்டும். ஆங்கில வழிக்காரர்களின் சுருக்கமுறையை அப்படியே தமிழில் போட்டால் சிக்கல் வரும். முதல் எழுத்தை மட்டும் எழுதினால் ‘ஆ’ என்பது ஆண்டா, ஆட்சியா, ஆளுநரா, ஆங்கிலேயரா? அடுத்த எழுத்தையும் சேர்த்து ஆண், ஆட், ஆளு, ஆங் என்று எழுதினால் குழப்பமில்லை.

வேலூர்ப் புரட்சிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் சொல்கிறார்: “1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் குறியிடக் கூடாது, காதணி அணியக் கூடாது என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிப்படையச் செய்தன. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பி கிளர்ச்சியை அடக்கினார்.”

நோட்டில் விழுவது:

10/7/1806 வே.கோ. சிப் எதி ஆங்
கார: பு.தலைப், நெ.குறி ×, காதணி ×
ஆற் → கில் → அடக்

வினைச்சொற்களின் வால் எல்லாம் போய்விட்டது, பொருள் போகவில்லை. ஆனால் தமிழில் ‘இல்லை’யும் ‘கூடாது’வும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வாலை நறுக்கும் பழக்கத்தில் அதையும் நறுக்கிவிட்டால், காதணி அணியச் சொன்னதே உத்தரவு என்று ஆகிவிடும். அதனால்தான் அந்த × குறி. அதே குறியை ‘எதிராக’ என்பதற்கும் போடுகிறவர்கள் உண்டு. சாயங்காலம் நோட்டைத் திறந்து விழிப்பவர்களும் அவர்களே. ஆண்டுகளை எப்போதும் எண்ணில் எழுதுவது நல்லது. ‘எண்ணூற்று ஆறு’, ‘எண்ணூற்று அறுபது’ இரண்டும் வேகத்தில் ஒன்றுபோலவே காதில் விழும். சந்தேகமானால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போதும். பெயர் தவறிப்போனால் ‘த.தளபதி ____’ என்று இடம் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். அங்கேயே நின்று யோசித்தால் பின்னால் வரும் இரண்டு வரியும் கைவிட்டுப் போகும்.

இதை அன்றைக்கே பிரித்து எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழிந்தால் ‘பு.தலைப்’ என்ன என்று எழுதியவருக்கே தெரியாது. பாடநூலைத் திறந்து கோடிட்ட இடத்தில் ஜான் கிரடாக் என்று நிரப்பலாம். கேள்விக்குறி போட்ட ஆண்டையும் அங்கேயே சரிபார்க்கலாம்.

பலரும் இந்த நேரத்தை அழகான கையெழுத்தில் பிரதி எடுப்பதில் செலவழிக்கிறார்கள். அது கைக்குத்தான் வேலை. திருப்புதல் பக்கத்தில் ஆசிரியர் சொன்ன வரிசை இருக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் மூன்று விரல் அகலம் விட்டு, அங்கே கேள்விகளை எழுதலாம்: உடனடிக் காரணம் எது? சிப்பாய்கள் யாரை மன்னராக அறிவித்தார்கள்? யார் அடக்கினார்? வலப்பக்கம் விடைகள்: புதிய தலைப்பாகை; திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதர்; கில்லெஸ்பி. தேர்வுக்கு முன் வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் படிக்க வேண்டும். பதில் வராத கேள்விக்குப் பென்சிலில் ஒரு புள்ளி வைத்தால், அடுத்த முறை அந்தப் புள்ளிகளை மட்டும் பார்த்தால் போதும்.