எடை ஏறினால் போதுமா?

படுக்கையருகே – 14

போன வாரம், சாப்பிட மறுக்கும் பிள்ளையைக் கடைசியில் மருத்துவமனைக்கு அழைத்து வரும் குடும்பத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் வார்டுக்குள் போவோம். அனோரெக்சியா நெர்வோசா என்னும் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தான நாட்களில் பல, பட்டினி கிடந்த நாட்கள் அல்ல. மீண்டும் சாப்பிடத் தொடங்கும் முதல் பத்து நாட்கள். அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு தாதியின் சார்ட்டுக்கு உண்டு. நம் பினாங்குத் தமிழர் வாயில் சொன்னால், மிஸ்ஸியின் சார்ட்டுக்கு.

இங்கே நான் சொல்லப்போகும் பெண் ஒரு தனி ஆள் அல்ல. ஜார்ஜ் டவுனின் ஒரு பொது மருத்துவ வார்டில் நடக்கக்கூடியவற்றைச் சேர்த்து, பாடத்துக்காக நான் அமைத்த உருவம். வயது 19, கல்லூரி மாணவி. உயரம் 158 செ.மீ. ஓராண்டுக்கு முன் 49 கிலோ, இப்போது 34. உயரத்துக்கான எடைக் குறியீடு 13.6. ஆரோக்கியமான பெண்ணுக்கு இது 18.5-க்கு மேல் இருக்கும். கடந்த இரண்டு வாரமாகக் கொஞ்சம் சூப்பும் கோப்பி-ஓவும் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? வீட்டில் எல்லோரும் அதை 'காஸ்ட்ரிக்' என்றே நினைத்தார்கள். அவளும் "வயிறு உப்புது, இறங்க மாட்டேங்குது" என்றாளே தவிர, குண்டாகிவிடுவேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மலேசிய மனநல மருத்துவர்களிடம் விசாரித்து 1981-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நோய் இங்கே அரிது என்றது. மறு ஆண்டு சிங்கப்பூர் மருத்துவர்கள் ஏழே நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆனால் ஹாங்காங்கின் மனநல மருத்துவர் சிங் லீயும் கூட்டாளிகளும் 1993-இல் 70 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டோர் குண்டாகும் பயத்தைச் சொல்லவே இல்லை; வயிறு நிறைந்திருக்கிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். பயத்தைச் சொன்னால்தான் இந்த நோய் என்று காத்திருந்தால், பிள்ளை எலும்பும் தோலுமாகித்தான் நம்மிடம் வந்து சேரும். அப்படி வருகிறவருக்கே சோறு ஊட்டுவது மிக ஆபத்து.

இந்த ஆபத்தை வைத்தியம் போரில் கற்றது. சரணடைந்த ஜப்பானியச் சிப்பாய்கள் நீண்ட பட்டினியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் உணவும் வைட்டமினும் கொடுத்தும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துபோனதாக 1951-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. உணவு வந்து சேர்ந்த பிறகு நேர்ந்த சாவுகள் அவை.

காரணம் இதுதான். பட்டினி நாட்களில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழ்கிறது. பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் சேமிப்பு உள்ளே கரைந்துகொண்டே போகும். ஆனால் ரத்தத்தில் அளவு சரியாகவே தெரியும். மாவும் சர்க்கரையும் உள்ளே போனதும் இன்சுலின் பொங்கி எழும். செல்கள் சர்க்கரையோடு சேர்த்து இந்த உப்புகளையும் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்துவிடும். பாஸ்பேட் இல்லாமல் தசைக்குச் சக்தி இல்லை; இதயமும் மூச்சுத் தசையும் தசைகள்தானே. கூடவே சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். மெலிந்த இதயத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. சர்க்கரையை எரிக்கத் தேவையான தயமின் என்னும் வைட்டமினும் தீர்ந்துபோகும்; அதனால்தான் முதல் கவளத்துக்கு முன்பே தயமின் கொடுக்கிறோம்.

நம் பெண்ணுக்கு வருவோம். முதல் நாள் காலை நாடித்துடிப்பு 42. பிரஷர் 84/56. உடல் வெப்பம் 35.4. ரத்தத்தில் பாஸ்பேட் 0.9, அதாவது சாதாரண அளவு. இதைப் பார்த்து மனம் ஆறக்கூடாது என்று மேலே சொன்ன காரணத்தாலேயே தெரியும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கான பிரஷர் பட்டையை அந்தக் குச்சிக் கையில் சுற்றினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சிறிய பட்டை வேண்டும். நாடியை மெஷினை நம்பாமல் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றபின் ஒரு தடவை. நின்றதும் மேல் அழுத்தம் 20-க்கு மேல் இறங்கினாலோ, நாடி 30-க்கு மேல் ஏறினாலோ ஆபத்துக் குறி. தரையில் குத்தவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொல்வோம். எழ முடியாமல் தடுமாறினால் தசை தீர்ந்துவிட்டது என்று பொருள். இவள் இரண்டு கையும் ஊன்றித்தான் எழுந்தாள்.

எடை பார்க்க ஒரே தராசு, காலை உணவுக்கு முன், சிறுநீர் கழித்த பின், மெல்லிய வார்டு உடை ஒன்றோடு மட்டும், செருப்பில்லாமல். தராசில் ஏறுவதற்கு முன் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிடுவதும், உடைக்குள் நாணயங்களை மறைப்பதும் இந்த நோயில் நடக்கும். அவள் பொய்க்காரி என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதிகத் தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். எடை பார்க்கும் வேளையில் எடுத்த சிறுநீரின் அடர்த்தி 1.010-க்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

உணவின் அளவை மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். இவளுக்கு ஒரு கிலோ எடைக்கு 15 கலோரி, ஆக நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரியில் ஆரம்பம். ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 85 கலோரிக்கும் குறைவு: அரை கிளாஸுக்குச் சற்று மேல் பால், அல்லது கொஞ்சம் கஞ்சி. பாலில் பாஸ்பேட் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவருக்கு மாற்று தேட வேண்டும். தினமும் ரத்தப் பரிசோதனை, பாஸ்பேட் விழுந்தால் உடனே ஈடுகட்டல், ஈசிஜி.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா இரண்டு பாட்டில் ஹன்ட்ரட் பிளஸும், கெட்டிப்பால் நிறைய ஊற்றிய மைலோவும் கொண்டு வந்தார். பினாங்கில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிற யாரும் கொண்டுவருவதுதான். அந்தப் பெண் மறுக்காமல் குடித்தாள்; அம்மாவுக்குக் கண் கலங்கியது. சர்க்கரை மட்டும் மிகுந்து பாஸ்பேட் குறைந்த பானம் இன்சுலினைக் கிளப்பிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியது வார்டின் வேலை.

மூன்றாம் நாள் காலை எடை 35.6. அம்மா கைகூப்பினார். "ஒன்றரை கிலோ ஏறிடுச்சு மிஸ்ஸி!" நாடியும் 42-இலிருந்து 88. சார்ட்டை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சீராகிவிட்டது போலத் தோன்றும்.

மிஸ்ஸி கணக்குப் போட்டார். இரண்டு நாளில் உள்ளே போனது, மைலோவையும் சேர்த்து, 1,500 கலோரியைத் தாண்டாது. ஒரு கிலோ கொழுப்புத் திசு சேரச் சுமார் 7,000 கலோரி வேண்டும். அப்படியானால் இந்த எடை சதை அல்ல, நீர். குடித்து ஏற்றிய நீரா என்று சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்தார்: 1.018. அதற்கு வழியில்லை. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து மெதுவாக மீண்டது. மூச்சு நிமிடத்துக்கு 22. பட்டினியில் 42 துடித்த இதயம் ஓய்விலேயே 88-க்கு ஓடுவது குணமானதால் அல்ல. இதயம் திணறலாம், அல்லது கிருமித் தொற்று இருக்கலாம். இந்த உடம்பில் தொற்று வந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம் என்பதால் வெப்பமானியை மட்டும் நம்ப முடியாது.

உடனே மருத்துவரை அழைத்தார். ரத்தம் பரிசோதித்தபோது பாஸ்பேட் 0.4. அன்று கலோரியை மேலும் ஏற்றவில்லை, அடியோடு நிறுத்தவுமில்லை. நரம்பு வழியாகப் பாஸ்பேட்டை மெதுவாக ஏற்றினார்கள், பொட்டாசியமும் மக்னீசியமும் பார்த்துச் சேர்த்தார்கள், இதயத் துடிப்பை மானிட்டரில் வைத்தார்கள், நீரை அளந்து கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்தில் மறுபடி ரத்தம். ஐந்தாம் நாள் பாஸ்பேட் 0.8. வீக்கம் வடிய, எடை 34.7-க்கு இறங்கியது. அம்மா பதறினார். அந்த இறக்கம்தான் முதல் நல்ல செய்தி என்று அவரை உட்காரவைத்து விளக்க வேண்டியிருந்தது.

இந்த ஆபத்துக்குப் பயந்து நேர் எதிர்த் தப்பும் நடக்கிறது. பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி, இவளைப் போன்ற மிக மெலிந்தவருக்குக் கிலோவுக்கு 5 கலோரி என்றது. இவளுக்கு அது நாளைக்கு 170 கலோரி. அவ்வளவு குறைவிலேயே நாட்கணக்கில் வைத்திருந்தால் நோயாளி மருத்துவமனைக் கட்டிலிலேயே பட்டினியால் சாகலாம். அதனால்தான் அங்குள்ள மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, குறைவாக ஊட்டுவதையும் ஓர் ஆபத்தாகவே எண்ணச் சொல்கிறது. அமெரிக்காவில் 12 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த ஒரு சோதனையில், 2,000 கலோரியில் தொடங்கியவர்களுக்கு 1,400-இல் தொடங்கியவர்களைவிட உப்புச் சிக்கல் கூடவில்லை, விரைவில் தேறினார்கள். ஆனால் அவர்கள் இவளைப் போல இவ்வளவு மெலிந்தவர்கள் அல்லர், தினமும் ரத்தம் பார்க்கப்பட்டவர்கள். நம் பெண்ணுக்கு ஐந்தாம் நாளிலிருந்து தினம் 200 கலோரி கூட்டி, பத்தாம் நாளில் 1,500-ஐத் தாண்டினார்கள். அதன்பின் எடை வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ ஏறினால் அது உண்மையான ஏற்றம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தக் கட்டத்தில் வார்டில் இருந்தால், வெளியிலிருந்து கொண்டுபோகும் ஒவ்வொரு மிடறையும் மிஸ்ஸியிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். கால் வீக்கம், மூச்சு வாங்கல், புதிய குழப்பம், கைகால் மரத்துப்போதல் இவற்றில் எதைக் கண்டாலும் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளையைப் பார்த்து "சதை போட்டிருக்கே" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது மகிழ்ச்சி, அவளுக்கு அடுத்த வேளைப் பாலைத் தள்ளிவிடக் காரணம். தராசின் எண்ணை மிஸ்ஸியிடம் விட்டுவிட்டு, அவளிடம் வேறு பேச்சைப் பேசுங்கள்.

(அடுத்த வாரம்: வீடு திரும்பிய பிறகு, சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் உட்காருவது?)