இருபது சதவீதம் எங்கே போனது?

சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவருக்கு காம்ப்பெல் பேக்கு மாறுதல் உத்தரவு வருகிறது. அந்தமான் நிக்கோபாரின் தெற்குக் கோடியில், கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் ஊர் அது. பக்கத்து மேசைக்காரர் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான்: "ஐலண்ட் அலவன்ஸ் இருபது பர்சென்ட் வருமே சார், என்ன கவலை?"

வருவது உண்மைதான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-ல் வந்த விகிதப்படி, போர்ட் பிளேர் பகுதியில் அடிப்படைச் சம்பளத்தில் 10%, வட, மத்திய அந்தமானில் 16%, நிக்கோபார் தீவுகளிலும் லிட்டில் அந்தமானிலும் 20% என்று தீவுப் படி தரப்படுகிறது. கஷ்டம் கூடக் கூடப் படியும் கூடுகிறது. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சம்பளப் பட்டியலில் மாறுதலோடு சேர்ந்து இறங்கும் வரிகளும் இருக்கின்றன.

நம்மவரின் அடிப்படைச் சம்பளம் 50,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீவுப் படி மாதம் 10,100. இப்போது மற்ற வரிகளுக்கு வருவோம். சென்னையில் அவருக்குப் போக்குவரத்துப்படி 3,600 ரூபாய். பெருநகரப் பட்டியலில் இல்லாத ஊரில் அது 1,800தான். இந்தப் படிக்கு அகவிலைப்படியும் சேரும். 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 58 சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால் இழப்பு மாதம் 2,844 ரூபாய். ஆக, கையில் கூடுவது 10,100 அல்ல, 7,256.

அடுத்தது வீட்டு வாடகைப்படி. பெரிய தொகை இதில்தான் புரளும். சென்னையில் அது அடிப்படைச் சம்பளத்தில் 30%. காம்ப்பெல் பே போன்ற ஊரில் 10%. மனைவி, பிள்ளைகளோடு மொத்தமாகக் குடிபெயர்ந்தால் 15,150 ரூபாய் 5,050 ஆகிவிடும். குறைவது சரியாக 10,100. தீவுப் படி ஒரு கையில் வந்து மறு கையில் போகிறது. போக்குவரத்துப்படியில் இழந்த 2,844 தனி நஷ்டம். சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவருக்கு அந்த வாடகையாவது மிச்சமாகும். சொந்த வீட்டில் இருந்துகொண்டே வாடகைப்படி வாங்கியவருக்கு, அந்த வீட்டை வாடகைக்கு விடாத வரை, இது நேரடி இழப்பு.

இதற்கு ஒரு வழி விதியிலேயே இருக்கிறது. குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டுத் தீவுக்குப் போகிறவர், பழைய ஊர் விகிதத்தில் வாடகைப்படியைத் தொடர்ந்து பெறலாம். ஆனால் அப்போது இரண்டு அடுப்பு எரியும். தனிச் சமையல் அல்லது மெஸ், தங்குமிடம், போன் என்று மாதம் ஐயாயிரம் கூடுதலாகச் செலவானாலே 7,256-ல் மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம். வருடத்துக்கு 27,000 ரூபாய். சொந்த ஊருக்குப் போய்வர அரசு தரும் பயணச் சலுகை போக, மகளின் பரீட்சை, அம்மாவின் அறுவை சிகிச்சை என்று இரண்டு முறை அவசரமாக விமானம் ஏறினால் அதுவும் கரைந்துபோகும். தவிர, தீவுப் படிக்கு வருமான வரியும் உண்டு. நீண்ட விடுப்பில் போனால் படி நின்றுவிடும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தீவுப் படி அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டுமே கணக்கிடப்படுகிறது; அகவிலைப்படி அதில் சேராது. விலைவாசி ஏற ஏற அகவிலைப்படி ஏறும், தீவுப் படி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த 79,790 ரூபாயில் 10,100 என்பது ஏறக்குறைய 12.7 சதவீதம்தான். காகிதத்தில் இருபது, கடைக்குப் போனால் பதின்மூன்றுகூட இல்லை. ஊதியக் குழு அமலான புதிதில் போகிறவருக்கும் பத்தாண்டு கழித்துப் போகிறவருக்கும் ஒரே சதவீதம், ஆனால் ஒரே மதிப்பு அல்ல.

சதவீதக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லாத விஷயமும் ஒன்று உண்டு. அதே கப்பலுக்காகக் காத்திருக்கும் கடைநிலை ஊழியருக்கு, 18,000 அடிப்படையில், 3,600 ரூபாய்தான். கஷ்டம் பதவி பார்த்தா வருகிறது? சியாச்சின் பனிமலையில் இதை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். 2017-ல் அங்கே அதிகாரிகளுக்கு மாதம் 42,500, மற்றவர்களுக்கு 30,000 என்று நிலையான தொகையாக நிர்ணயித்தார்கள். இரண்டுக்கும் இடைவெளி இருக்கிறது, ஆனால் அடிப்படைச் சம்பளங்களுக்குள் இருக்கும் இடைவெளி அளவுக்கு இல்லை.

அப்படியானால் யாருக்கு லாபம்? சென்னையில் தனியாக அறை எடுத்து, வாங்கும் வாடகைப்படி முழுவதையும் வாடகையாகக் கொடுத்துக்கொண்டிருந்த மணமாகாதவருக்கு. தீவில் அரசுக் குடியிருப்பும் கிடைத்துவிட்டால் அவருக்குப் பணம் நிச்சயம் சேரும். பள்ளி வயதுப் பிள்ளையோ, மாதாமாதம் மருத்துவரைப் பார்க்க வேண்டிய பெற்றோரோ இருப்பவருக்குக் கணக்கு வேறு. போர்ட் பிளேரிலிருந்து காம்ப்பெல் பே ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வழியில் தீவு தீவாக நின்று போகும் கப்பலில் பயணம் நாள்கணக்கில் ஆகும். ஹெலிகாப்டரில் இருக்கைகள் குறைவு, வானிலையும் ஒத்துழைக்க வேண்டும்.

அதனால் உத்தரவு கைக்கு வந்ததும் சம்பளப் பிரிவில் கேட்க வேண்டியது, "எவ்வளவு கூடும்?" என்பதல்ல. குடும்பம் சென்னையில் இருந்தால் ஒன்று, கூட வந்தால் ஒன்று என்று, புதிய ஊரில் வரப்போகும் முழுச் சம்பளப் பட்டியலையும் இரண்டு விதமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏற்கனவே அங்கே இருப்பவருக்கு ஒரு போன் போட்டு, போன மழைக்காலத்தில் எத்தனை நாள் கப்பல் வரவில்லை, குடியிருப்பு கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.