பாட்டில் ஒன்று, காட்சிகள் மூன்று

ஊரில் செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி பாட்டில், அரை லிட்டர், முன்பக்கம் தமிழில் அச்சிட்ட லேபிள். இணையத்தில் விற்க அவர்களுக்கு மூன்று படங்கள் வேண்டும். ஒன்றில் இட்லியும் பொடியும் உள்ள காலைச் சாப்பாட்டு மேசை. இன்னொன்றில் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியல். மூன்றாவதில் மாங்காய் ஊறுகாய் போடும் திண்ணை. முன்பெல்லாம் இதற்குப் புகைப்படக்காரர், வாடகை இடம், பாத்திரங்கள் என்று ஒரு நாள் வேலை ஆகும். இப்போது படம் உருவாக்கும் ஏஐ மென்பொருள்களால் ஒரே பாட்டில் படத்தை வைத்து மூன்றையும் செய்துவிடலாம். ஆனால் பாட்டிலின் வடிவமும் லேபிளும் மூன்றிலும் கொஞ்சமும் மாறக் கூடாது. இந்த வேலையில் சிரமமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பாட்டில் படத்தைக் கொடுத்து, ‘இதைச் சாப்பாட்டு மேசையில் வை’ என்று கேட்டால் மென்பொருள் அழகான படம் தரும். உற்றுப் பார்த்தால் லேபிள் கெட்டிருக்கும். ‘நல்லெண்ணெய்’ என்ற சொல்லில் மூன்று புள்ளிகளும் இரண்டு கொம்புகளும் உண்டு. அவற்றில் ஒரு புள்ளி காணாமல் போயிருக்கும், அல்லது ஒரு கொம்பு ஏதோ வளைவாக மாறியிருக்கும். பெரிய எழுத்துகள் தப்பித்தாலும், கீழே பொடியாக அச்சிட்ட எடையும் விலையும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் வெறும் கிறுக்கலாகிவிடும்.

இதன் காரணத்தை 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மென்பொருளை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். அது படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. முதலில் படத்தை நீளத்தில் 8, அகலத்தில் 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகச் சுருக்குகிறது. ஒரு கட்டத்தில் நிறங்களைச் சொல்லும் 192 எண்கள் இருக்கும். அவற்றுக்குப் பதிலாக வெறும் 4 எண்களை வைத்துக்கொண்டு வேலை செய்துவிட்டு, கடைசியில் மறுபடி விரித்துப் படமாக்குகிறது. மரமேசைக்கும் சுவருக்கும் இந்த நான்கு எண்கள் போதும். உரிம எண்ணின் ஓர் இலக்கமோ படத்தில் 10 பிக்சல் உயரம்தான் இருக்கும். அது ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடுவதால், விரிக்கும்போது மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த மென்பொருள்கள் எழுத்துகளை மேலும் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனாலும் அவையும் லேபிளைப் புதிதாக வரைபவைதான். வரைந்தது மூலத்தைப் போல இருக்கலாம், மூலமாகவே இருக்காது.

ஆகவே பாட்டிலை மென்பொருள் வரைய விடக் கூடாது. பாட்டிலைச் சுற்றியுள்ள உலகத்தை மட்டும் அது வரையட்டும். பாட்டில் நம் கேமராவில் பதிந்த பிக்சல்களாகவே கடைசிவரை இருக்க வேண்டும்.

வேலை தொடங்குவது கேமராவில்

எந்தக் காட்சிகள் பொருந்தும் என்பதை முதல் புகைப்படமே தீர்மானித்துவிடுகிறது. லேபிளின் நடு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்தால் மூடியின் மேல்பரப்பு தெரியாது. அந்தப் பாட்டிலை, மேலிருந்து பார்க்கும் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பின்னால் சாய்வது போல இருக்கும். அதனால் நேர் உயரத்தில் ஒன்று, சற்று மேலிருந்து ஒன்று என இரண்டு படங்களாவது வேண்டும். கைப்பேசியைப் பாட்டிலுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதன் நடுப்பகுதி உப்பித் தெரியும். நாலடி தள்ளி நின்று, இருமடங்கு ஜூம் வைத்து எடுப்பது நல்லது.

வெளிச்சமும் அப்படித்தான். இடப்பக்க ஜன்னல் ஒளியில் எடுத்தால் கண்ணாடியின் இடது ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு மூன்று காட்சிகளும் கட்டுப்பட வேண்டும். தீபாவளிக் காட்சியில் விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். ஊறுகாய் ஜாடிகளை முற்றத்து உச்சி வெயிலில் வைத்தால் பாட்டில் ஒட்டவைத்தது போலத் தெரியும். மென்மையான ஒளி விழும் திண்ணை நிழல் பொருந்தும்.

காட்சி உருவாகும் முறை

முதலில் பாட்டிலின் ஓரத்தை ஒட்டி மாஸ்க் போட வேண்டும். எது மாறலாம், எது மாறக் கூடாது என்று மென்பொருளுக்குக் காட்டும் கறுப்பு வெள்ளை வரைபடம் அது. பெரும்பாலான மென்பொருள்களில் வெள்ளைப் பகுதி மாறும், கறுப்புப் பகுதி அப்படியே நிற்கும். பிறகு காட்சியை விவரிக்க வேண்டும்: மரமேசை, இடப்பக்க ஜன்னல், வாழை இலையில் இட்லி, கிண்ணத்தில் பொடி. பாட்டில் படத்திலேயே இருப்பதால், மேசையில் அதன் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை மென்பொருள் பெரும்பாலும் சரியாகவே கணித்துவிடும்.

பலர் ஏமாறும் இடம் இது. மாஸ்க் போட்டாகிவிட்டது, லேபிள் பத்திரம் என்று நினைப்பார்கள். முன்பு சொன்ன சுருக்கி விரிக்கும் வேலை படம் முழுவதுக்கும் நடப்பதால், மாஸ்க்குக்குள் இருந்த பொடி எழுத்துகளும் லேசாகச் சிதைந்திருக்கக்கூடும். எனவே படம் வந்த பிறகு, வெட்டி வைத்த அசல் பாட்டிலைத் தனி லேயராக அதே இடத்தில் மேலே வைக்க வேண்டும். இந்த ஒரு படிதான் லேபிளுக்கு உண்மையான காவல்.

அப்படி வைக்கும்போது இன்னொரு கோளாறும் வெளிப்படும். மென்பொருள் சில சமயம் மாஸ்க்குக்கு வெளியே பாட்டிலை நீட்டிவிடும். மூடிக்கு மேல் இன்னொரு மூடி முளைக்கும், தோள் அகலமாகும். அசலை மேலே வைத்தாலும் அந்த மிச்சம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அந்தப் படத்தைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட வேறொன்றை உருவாக்குவது எளிது.

கண்ணாடிக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். எண்ணெய் உள்ள பகுதி அடர்த்தியாக இருப்பதால் பின்னணி அதிகம் தெரியாது. கழுத்தில் எண்ணெய் இல்லாத பகுதியில், படம் எடுத்த அறையின் வெள்ளைச் சுவர் தங்கியிருக்கும். தீபாவளி இருட்டில் அது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சிறு பகுதியை மட்டும் தனியே எடுத்து, லேயர் கலவையை `Multiply` என்று மாற்றினால் பின்னால் உள்ள இருட்டு அதன் வழியே தெரியும்.

சரிபார்ப்பது எப்படி

முடித்த படத்தின் மேல் அசல் பாட்டிலை வைத்து, போட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ லேயர் கலவையை `Difference` என்று மாற்ற வேண்டும். மாறாத இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். மாறிய இடம் மினுங்கும். லேபிள் முழுதும் கறுப்பாக இருந்தால் ஓர் எழுத்தும் நகரவில்லை என்று பொருள். நிறத் திருத்தம் எதுவும் செய்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

அளவைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இந்தப் பாட்டில் 25 செ.மீ. உயரம் என்றால், பக்கத்தில் உள்ள காப்பி டம்ளர் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வர வேண்டும். பாதி உயரம் வந்தால் அரை லிட்டர் பாட்டில் கால் லிட்டராகத் தோன்றும், வாங்குபவர் தவறாக நினைப்பார். நிறமும் அப்படியே. விளக்கொளிக்காகப் பாட்டிலுக்கு லேசாக மஞ்சள் கூட்டலாம். எண்ணெயின் நிறமே வேறாகும் அளவுக்குக் கூட்டினால், இல்லாத எண்ணெயை விற்பதாகிவிடும்.

விற்பனைத் தளங்களின் விதிகளும் உண்டு. அமேசானில் பொருளின் முதல் படம் தூய வெள்ளைப் பின்னணியில்தான் இருக்க வேண்டும், காட்சிப் படங்கள் அதற்கு அடுத்துதான் வரலாம். கூகுளில் பொருள்களைப் பட்டியலிடுவோர், ஏஐ உருவாக்கிய படத்தின் கோப்புக்குள் அதைச் சொல்லும் குறிப்பை நீக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இந்த முறைக்கு எட்டாத காட்சிகளும் இருக்கின்றன. ஒரு கை பாட்டிலைப் பிடித்திருந்தால் விரல்கள் லேபிளின் மேல் வர வேண்டும், கண்ணாடியில் விரலின் நிறம் படிய வேண்டும். இட்லிப் பொடியில் எண்ணெய் ஊற்றும் காட்சியில் பாட்டில் சாய்ந்து, உள்ளே எண்ணெய் மட்டம் மாறியிருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பாட்டிலின் படத்தில் இவை எதுவும் இல்லை. கேட்டால் மென்பொருள் பாட்டிலையே புதிதாக வரையும், லேபிள் மறுபடி ஊகமாகிவிடும். அந்த இரண்டுக்கும் உண்மையான கையை வைத்து, உண்மையாகவே எண்ணெயை ஊற்றிப் படம் எடுப்பதுதான் வழி. அப்படி எடுத்த படத்திலும் கையையும் பாட்டிலையும் சேர்த்து மாஸ்க் போட்டுப் பின்னணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.