58 டிகிரி எப்படிச் செல்லாததானது?

உலகின் மிக உயர்ந்த வெப்பநிலை என்ற பெயர் 90 ஆண்டுகள் லிபியாவின் எல் அஜிசியா என்ற ஊருக்கு இருந்தது. 1922 செப்டம்பர் 13 அன்று அங்கே 58 டிகிரி செல்சியஸ் பதிவானதாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2012இல், அதே செப்டம்பர் 13 அன்று, உலக வானிலை அமைப்பு அந்தப் பதிவை ரத்து செய்தது. பழைய எண் இன்னும் பல பொது அறிவுப் புத்தகங்களில் இருக்கிறது. குழப்பத்துக்கு அதுவே காரணம்.

வானிலைத் துறை ‘உலக சாதனை’ என்று அழைப்பது பூமி எட்டிய உச்சத்தை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வெப்பமானி இருந்த இடத்தில், நிழலில், காற்றோட்டமுள்ள கூண்டுக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் பதிவாகி, பிறகு ஒரு குழு ஏற்றுக்கொண்ட உச்சம் அது. வெப்பமானி இல்லாத பாலைவனம் எவ்வளவு கொதித்தாலும் கணக்கில் வராது.

எல் அஜிசியாவில் அன்று இருந்தது சிக்ஸ்-பெல்லானி வகை வெப்பமானி. வழக்கமான கருவி பழுதானதால் அதன் இடத்தில் வைக்கப்பட்டது. இந்த வகையில் ‘U’ வடிவக் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் இருக்கும். வெப்பம் கூடும்போது பாதரசம் ஏறி, தன் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு குறிமுள்ளை மேலே தள்ளும். வெப்பம் குறைந்து பாதரசம் இறங்கினாலும் முள் தள்ளப்பட்ட இடத்திலேயே நிற்கும். மாலையில் வந்து பார்ப்பவருக்கும் பகலின் உச்சம் தெரிந்துவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் பாதரசம் தொட்டது முள்ளின் அடி முனையை. அளவை அங்கேதான் படிக்க வேண்டும். அந்த முள்ளின் நீளமோ அளவுகோலில் ஏறத்தாழ 7 டிகிரிக்குச் சமம். பழக்கமில்லாதவர் மேல் முனையைப் படித்தால் 51 டிகிரி 58 ஆகிவிடும்.

படித்தவர் பழக்கமில்லாதவர்தான் என்று 90 ஆண்டுகள் கழித்து எப்படித் தெரியும்? லிபிய வானிலைத் துறையின் காலித் எல் ஃபத்லி தேடியெடுத்த அசல் பதிவேட்டுத் தாள் அதைக் காட்டிக்கொடுத்தது. சாதனைக்குச் சற்று முன்பு, செப்டம்பர் 11 முதல், கையெழுத்து மாறுகிறது. புதியவர் எண்களைத் தவறான கட்டங்களில் எழுதியிருக்கிறார். கட்டம் மாற்றி எழுதியவர் முள்ளின் முனையையும் மாற்றிப் படித்திருக்க மாட்டார் என்று எப்படி நம்புவது?

இது மட்டும் என்றால் சந்தேகத்தோடு நின்றிருக்கும். பதிவை ஆராய்ந்த உலக வானிலை அமைப்பின் குழு மேலும் மூன்றைப் பார்த்தது. கருவி நின்ற தரை தார் போன்ற கரும்பொருளால் ஆனது. சுற்றியிருந்த பாலை மண்ணின் இயல்பு அதற்கு இல்லை. அக்கம்பக்கத்து நிலையங்களின் அன்றைய அளவுகளோடு 58 ஒட்டவில்லை. பிற்காலத்தில் அதே ஊரில் எடுத்த அளவுகளோடும் ஒட்டவில்லை. இடையில் 2011 லிபியக் கிளர்ச்சியின்போது எல் ஃபத்லியிடமிருந்து மாதக்கணக்கில் தகவலே இல்லாமல் போனதால் ஆய்வும் நின்று, பிறகு தொடர்ந்தது.

லிபியா விலகியதும் பெயர் கலிஃபோர்னியாவின் டெத் வேலிக்குப் போனது: 1913 ஜூலை 10, கிரீன்லாந்து ரான்ச், 56.7 டிகிரி. இங்கேதான் அதிகாரபூர்வப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியவில்லை. அதே பள்ளத்தாக்கில் நவீனக் கருவிகள் காட்டிய உச்சம், 2020லும் 2021லும், 54.4 டிகிரிதான். பூமி சூடேறிவரும் நூற்றாண்டில் 1913ஐ நெருங்கக்கூட முடியவில்லை என்பது விசித்திரம். வானிலை வரலாற்றாளர் கிறிஸ்டோபர் பர்ட் உட்படச் சிலர் இதை வெளிப்படையாகவே சந்தேகிக்கிறார்கள். எல் அஜிசியாவை வீழ்த்திய ஒப்பீட்டுச் சோதனையை இங்கும் அதே கண்டிப்போடு நடத்தினால் 56.7 தாங்குமா என்பது ஐயமே. புதிய சான்று வந்தால்தான் பழைய பதிவு மறுபடி விசாரணைக்கு எடுக்கப்படும். அதுவரை அது நிற்கும்.

நவீனப் பதிவுகளுக்கும் சோதனை உண்டா? உண்டு; குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவானதாகச் சொல்லப்பட்ட 54.0, ஆய்வுக்குப் பின் 53.9 என்று ஏற்கப்பட்டது.

தில்லி முங்கேஷ்பூரில் 2024 மே 29 அன்று சொல்லப்பட்ட 52.9? அங்கிருந்த தானியங்கி உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை பின்னர் அறிவித்தது.

ஈரானின் லூட் பாலைவனத்தில் 80 டிகிரி என்கிறார்களே? செயற்கைக்கோள் அளந்தது மண்ணின் மேற்பரப்பை. சாதனைக்குக் கணக்கு காற்றின் வெப்பம்.

போட்டித் தேர்வில் கேட்டால் என்ன எழுதுவது? சந்தேகத்தை ஒதுக்கிவைத்து, டெத் வேலி, 56.7 டிகிரி.