என் முகம் இப்படியா இருக்கிறது?

மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு. தாம்பூலப் பை கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஓவியர் ஒருவர் வெள்ளை அட்டையும் கறுப்பு மார்க்கருமாக உட்கார்ந்திருக்கிறார். எதிர் நாற்காலியில் உட்காரும் விருந்தினருக்குச் சில நிமிடங்களில் கேலிச்சித்திரம் தயாராகிவிடும். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்களான குமரேசனும் சலீமும் ஆளுக்கொரு படம் வரைந்து வாங்கிக்கொண்டார்கள். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

"டேய், இது நானாடா? எனக்கு எங்கடா இவ்வளவு பெரிய தாடை?" என்றார் குமரேசன்.

"அச்சு அசலா நீதான்டா. எங்க கொண்டுபோய்க் காட்டினாலும் உன் பேரைச் சொல்லிருவாங்க. என் படத்தைப் பாரு, எவ்வளவு நல்லா வந்திருக்கு!"

"உன் படமா? யாரோ துணிக்கடை விளம்பரத்துல வர்ற ஆளு மாதிரி இருக்கு. கீழ பேரு எழுதலேன்னா உங்க வீட்டுலயே கண்டுபிடிக்க மாட்டாங்க."

குமரேசனும் சலீமும் கதைக்காகப் படைக்கப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் சண்டை போடும் விஷயத்தை உளவியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தன் படம் தன்னைப் போல இருக்கிறதா என்று சொல்வதற்கு அந்த முகத்தின் சொந்தக்காரர் பொருத்தமான ஆளா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இல்லை என்பதே அந்தச் சோதனைகள் காட்டும் பதில்.

குமரேசனின் அதிருப்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். அவருக்கு இடது பக்கம் வகிடு. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சீவும்போது அந்த வகிடு அவருடைய இடது கைப்பக்கமே தெரிகிறது. எதிரே உட்கார்ந்து வரையும் ஓவியருக்கோ அது வலது கைப்பக்கம். வகிடு மட்டுமல்ல; எவருடைய முகமும் இரு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு புருவம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், சிரிப்பு ஒரு ஓரமாகக் கூடுதலாக விரியும். தன் முகம் என்று குமரேசன் மனத்தில் வைத்திருப்பது இத்தனை ஆண்டுகளாகக் கண்ணாடி காட்டிய பிம்பம். சலீம் வைத்திருப்பது நேரில் பார்த்த முகம். ஒருவருக்கு அது இடம் வலம் மாறியது.

இதை 1977இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் எளிய முறையில் சோதித்தார்கள். மாணவிகளைப் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு படத்தையும் உள்ளபடி ஒரு பிரதியும், இடம் வலம் திருப்பி ஒரு பிரதியும் அச்சிட்டார்கள். எது பிடித்திருக்கிறது என்று அந்த மாணவியிடமும், அவருக்கு நெருக்கமான ஒருவரிடமும் கேட்டார்கள். தங்கள் படத்தைப் பொறுத்தவரை மாணவிகள் திருப்பிய பிரதியின் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். நெருக்கமானவர்கள் உள்ளபடியான பிரதியின் பக்கம் சாய்ந்தார்கள். அடிக்கடி பார்த்துப் பழகியது பிடித்துப்போகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அவர்கள் கேட்டது பிடித்த படம் எது என்றுதான், ஒத்திருக்கும் படம் எது என்றல்ல. இருந்தாலும் கேலிச்சித்திரத்தைக் கையில் வாங்கிய முதல் நொடியில் பலருக்கு வரும் நெருடலுக்கு இது ஒரு நியாயமான காரணம்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். குமரேசன் தன் படத்தைக் கைபேசியில் எடுத்து இடம் வலமாகத் திருப்பினால், தாடை பெரிதாகவே இருந்தாலும், "இப்பப் பரவாயில்ல" என்று அவருக்குத் தோன்றக்கூடும். அதே நொடியில் சலீமுக்கு ஏதோ கோணலாகப் படக்கூடும்.

அந்தத் தாடை விஷயம் இதைவிடச் சுவையானது. வாசகர்கள் பலர் நினைப்பதுபோல, ஓவியர் கண்ணில் பட்ட பெரிய உறுப்பை இன்னும் பெரிதாக்குவதில்லை. தலை, இரண்டு கண்கள், மூக்கு, வாய் என்று ஐந்து வடிவங்களாக முகத்தைப் பார்க்கச் சொல்கிறார், 'மேட்' இதழில் வரைந்த அமெரிக்க ஓவியர் டாம் ரிச்மண்ட். அந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி, எவ்வளவு பெரிதாக, எந்தச் சாய்வில் இருக்கின்றன என்பதில்தான் ஒருவருடைய சாயல் இருக்கிறது. வழக்கமான முகத்திலிருந்து இவருடையது எங்கே விலகுகிறது என்று கண்டுபிடித்து, அந்த விலகலைக் கூட்டினால் கேலிச்சித்திரம். தாடையை இழுத்தால் நெற்றி சுருங்க வேண்டும், மூக்கு மேலே ஏற வேண்டும். ஒன்றை மட்டும் இழுத்து மற்றதை அப்படியே விட்டால் முகம் உடைந்துபோகும்.

இதைக் கணக்காகவே செய்து காட்டியவர் சூசன் பிரென்னன். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தபோது, முகத்தை 150க்கும் மேற்பட்ட புள்ளிகளாகக் குறித்து, சராசரி முகத்தின் அதே புள்ளிகளோடு ஒப்பிட்டு, இடையில் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கிக் கோட்டுப்படமாகத் தரும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். குமரேசனின் தாடையை வைத்துப் பார்ப்போம். கீழுதட்டிலிருந்து தாடையின் அடி வரை சராசரி முகத்தில் 40 மில்லிமீட்டர், அவருக்கு 46 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6. அதில் பாதியைக் கூட்டினால் படத்தில் தாடை 49 ஆகும். முழுதாக இரட்டித்தால் 52. கல்யாண மண்டபத்து ஓவியர் இதையெல்லாம் அளப்பதில்லை. அவர் கண்ணும் கையும் அந்தக் கணக்கைத் தாமாகப் போடுகின்றன. சலீமின் முகத்திலோ எந்த அளவும் சராசரியிலிருந்து பெரிதாக விலகுவதில்லை. வித்தியாசமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால், அதை இரட்டித்தும் யாருக்கும் எதுவும் தெரியாது. லட்சணமான முகம் வரைவதற்குச் சுலபம் என்று தோன்றும். கேலிச்சித்திரக்காரருக்கு அதுதான் கஷ்டம்.

இந்தக் கூட்டல் சாயலைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா? 1987இல் கில்லியன் ரோட்ஸ், பிரென்னன், சூசன் கேரி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஒரே துறையில் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்களின் முகங்களை மூன்று விதமான கோட்டுப்படங்களாக்கிக் காட்டினார்கள். ஒன்று அளவு மாறாதது, இன்னொன்று வித்தியாசத்தைக் கூட்டியது, மூன்றாவது வித்தியாசத்தைக் குறைத்துச் சராசரிக்கு அருகே கொண்டுபோனது. கூட்டிய படத்தில் ஆளை அடையாளம் காண, அளவு மாறாத படத்துக்கு ஆன நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆனது. குறைத்த படத்தில் அடையாளம் காண்பது எல்லாவற்றிலும் மெதுவாக இருந்தது. எந்தப் படம் மிகவும் ஒத்திருக்கிறது என்று கேட்டபோது, விடை உண்மையான அளவில் நிற்காமல், சுமார் 16 சதவீதம் கூட்டிய இடத்தில் வந்து நின்றது. குமரேசனின் தாடைக்கு அது ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நெருங்கிய ஒருவரின் முகத்தை மனம் சற்று மிகைப்படுத்தியே வைத்திருக்கிறது போலும். சலீம் "அச்சு அசல்" என்றது இந்த அடிப்படையில் பிழையில்லை. ஒரு வரம்பும் உண்டு: கோட்டுப்படத்தில் கிடைத்த இந்தப் பலன், நிழலும் தோலின் நிறமும் உள்ள புகைப்படத்தைக் கூட்டும்போது பெரிதும் குறைந்துவிடுகிறது. கோடு மட்டுமே இருக்கும்போது வடிவம்தான் முழுச் செய்தியையும் சுமக்கிறது.

எதுவரை கூட்டலாம் என்ற வழக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கே போனது. 1831இல் பாரிஸில் பத்திரிகை ஆசிரியர் சார்ல் பிலிப்போன், மன்னர் லூயி பிலிப்பைப் பழித்து வரைந்ததாக வழக்கை எதிர்கொண்டபோது, நான்கு படங்களைக் காட்டி வாதாடினார். முதலாவது மன்னரின் முகம். அடுத்தடுத்த படங்களில் கன்னம் பருத்து, தலை குறுகி, நான்காவது வெறும் பேரிக்காய் ஆகிவிடுகிறது. முதலாவது குற்றமென்றால் பேரிக்காயும் குற்றமா என்பது அவர் வாதம். தண்டனை கிடைத்தது. ஆனாலும் அந்த வரிசையில் எந்தப் படத்தோடு மன்னர் மறைந்துபோகிறார் என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டுவது கடினம். பேரிக்காய் அதற்குப் பிறகு பிரான்ஸில் அந்த மன்னரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இனி சலீம். அவருக்குத் தன் படம் பிடித்திருக்கிறது, ஆனால் அது அவரைப் போல இல்லை. வரிசை நீளும்போது ஓவியர்கள் சிலர் செய்வதைத்தான் இந்த ஓவியரும் செய்திருந்தார்: மூக்குக்கண்ணாடியையும் தாடியையும் கவனமாகப் போட்டு, நடுவில் பொதுவான ஒரு சிரித்த முகத்தை வைத்துவிட்டார். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. படத்தில் கண்ணாடி, தாடி, மீசை, தலைமுடி ஆகியவற்றைக் கையால் மறைத்துவிட்டு, வரையும்போது பக்கத்தில் இல்லாத ஒரு பொதுவான சிநேகிதரிடம் காட்ட வேண்டும். யாருடைய படம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. குமரேசனின் படம் இதில் தப்பிவிடும். சலீமின் படத்துக்கு மூன்று நான்கு பெயர்கள் வரும்.

அப்படியிருந்தும் சலீமுக்கு அது ஏன் தன் முகமாகத் தெரிந்தது? 2008இல் நிக்கோலஸ் எப்லி, எரின் விட்சர்ச் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கலந்துகொண்டவர்களின் புகைப்படங்களைக் கணினியில் படிப்படியாக அழகாக்கியும் அழகு குறைத்தும் கலந்து வைத்தார்கள். உண்மையான படத்தைக் காட்டிலும் சற்று அழகாக்கிய படத்தையே தங்களுடையது என்று அடையாளம் காட்டும் போக்கு அவர்களிடம் இருந்தது. சிநேகிதரின் முகத்திலும் இதே சாய்வு இருந்தது. அதிகம் அறியாதவரின் முகத்தில் இல்லை. ஆகவே சிநேகிதரின் கண்ணும் பாசம் கலந்ததுதான், முழு நடுநிலை அதற்கும் கிடையாது.

ஆனால் சிநேகிதருக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருக்கிறது: அசையும் முகம். 1930களில் ஆனந்த விகடனில் மாலி சங்கீத வித்வான்களைக் கேலிச்சித்திரங்களாக வரைந்தார். ஸ்வரம் பாடும்போது தன் முகம் எப்படிக் கோணும் என்று பாடுகிறவர் பார்த்ததில்லை. முன் வரிசை ரசிகருக்கு அது மனப்பாடம். கல்யாண வரவேற்பில் ஓவியர் குமரேசனிடம், "இவர் பேசும்போது என்ன செய்வார்?" என்று கேட்டிருந்தால், ஒற்றைப் புருவம் ஏறுவதைச் சொல்லியிருப்பார். சராசரி அளவுகள் கொண்ட முகத்துக்கு அந்தப் புருவமே போதுமான விலகல்.

இந்தத் தகராறு கல்யாண மண்டபத்தோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைட்டும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அடையாள அட்டைப் படங்களைப் பற்றியது. தங்கள் புகைப்படங்களில் எது தங்களை அதிகம் ஒத்திருக்கிறது என்று முதலில் அவரவரே வரிசைப்படுத்தினார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்கள், அந்த நபரின் சிறிய வீடியோ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, அதே படங்களை வரிசைப்படுத்தினார்கள். கடைசியில், படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சோதனையில், சொந்தக்காரர் தேர்ந்தெடுத்த படங்களைவிட அந்நியர் தேர்ந்தெடுத்த படங்களே கூடுதலாகச் சரியான விடை தந்தன.