கேபிளுக்குள் ஒரு காற்றுக் குமிழி

மண்ணுக்கடியில் புதைக்கும் உயர் அழுத்த மின்கேபிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் செம்போ அலுமினியமோ இருக்கும். அதைச் சுற்றித் தடித்த பாலித்தீன் உறை. மின்சாரம் வெளியே பாயாமல் தடுப்பது இந்த உறைதான். தயாரிக்கும்போது இதற்குள் தலைமுடித் தடிமனே உள்ள காற்றுக் குமிழி ஒன்று சிக்கிக்கொண்டாலும் கேபிளின் ஆயுள் குறையத் தொடங்கிவிடலாம். பாலித்தீனைவிடக் காற்று வலுக்குறைந்த காப்பு என்பது பாதிக் காரணம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் மின்புலம் நடந்துகொள்ளும் விதம் மீதிக் காரணம்.

மின்புலத்தில் வைத்த பாலித்தீனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நேர், எதிர் மின்னூட்டங்கள் இம்மியளவு விலகி நிற்கும். இந்த விலகல் வெளியிலிருந்து வரும் புலத்தை ஓரளவு தணிக்கிறது. எவ்வளவு தணிக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணே ஒப்புமை விடுதிறன். பாலித்தீனுக்கு அது 2.3, காற்றுக்கு ஏறக்குறைய 1. மூலக்கூறுகளோடு கட்டுண்ட மின்னூட்டங்களை ஒதுக்கிவிட்டு, கட்டற்றவற்றை மட்டும் கணக்கில் கொள்ளும் அளவு ஒன்றும் உண்டு. அதன் பெயர் மின் இடப்பெயர்ச்சி. புலத்தைப் பொருளின் விடுதிறனால் பெருக்கினால் அது கிடைக்கும்.

இப்போது எல்லைக்கு வருவோம். பாதி பாலித்தீனிலும் பாதி காற்றிலும் கிடக்கும் மாத்திரை போன்ற மெல்லிய பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டற்ற மின்னூட்டம் இல்லையென்றால், காஸ் விதிப்படி ஒரு முகத்தில் நுழையும் இடப்பெயர்ச்சி மறுமுகத்தில் குறையாமல் வெளியேற வேண்டும். ஆகவே எல்லைக்குச் செங்குத்தான இடப்பெயர்ச்சி இருபுறமும் ஒன்றே. இடப்பெயர்ச்சி மாறாமல் விடுதிறன் மட்டும் குறைவதால், காற்றில் செங்குத்துப் புலம் 2.3 மடங்காகிறது. இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? குமிழியின் சுவர்களில் ஈடுகட்டப்படாமல் நிற்கும் கட்டுண்ட மின்னூட்டங்களிலிருந்து.

எல்லைக்கு இணையான புலத்தின் கதை வேறு. ஒரு மின்னூட்டத்தைப் பாலித்தீன் பக்கம் எல்லையை ஒட்டிக் கொண்டுபோய், காற்றுப் பக்கமாகத் திருப்பிக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். இருபுறமும் இணைப்புலம் வேறுபட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் கிடைத்துக்கொண்டே இருக்கும். நிலைமின்புலத்தில் அது நடக்காது. எனவே இணைப்புலம் இருபுறமும் சமம்.

ஒரு கூறு பெருகி மற்றது அப்படியே இருந்தால் புலக்கோடு வளைந்துதான் ஆக வேண்டும். பாலித்தீனில் மில்லிமீட்டருக்கு 5 கிலோவோல்ட் புலம், செங்குத்துக்கோட்டுடன் 60 பாகை சாய்ந்து வருகிறது என்போம். அதன் செங்குத்துக் கூறு 2.5, இணைக் கூறு 4.33. காற்றில் செங்குத்துக் கூறு 5.75 ஆகிறது, 4.33 மாறவில்லை. மொத்தப் புலம் 7.2 ஆக உயர, சாய்வு 37 பாகையாகக் குறைகிறது.

tan θ₁ / tan θ₂ = ε₁ / ε₂

ஒளியின் வளைவை நினைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றமே. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி செங்குத்துக்கோட்டை விட்டு விலகும். மின்புலக்கோடோ அதை நெருங்குகிறது. இங்கே சைனுக்குப் பதில் டான்ஜென்ட் வருவதால் முழு அகப் பிரதிபலிப்புக்கும் இடமில்லை. எந்தச் சாய்வில் வந்தாலும் கோடு மறுபுறம் போய்விடும்.

இதனால் குமிழியின் வடிவமே அதன் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. அதே 5 கிலோவோல்ட் புலத்தில், புலத்துக்குக் குறுக்கே தட்டையாகக் கிடக்கும் குமிழிக்குள் மில்லிமீட்டருக்கு 11.5 கிலோவோல்ட் இருக்கும். உருண்டைக் குமிழியில் இருவகை எல்லையும் கலந்திருப்பதால் சுமார் 6.2 மட்டுமே. சாதாரண அழுத்தத்தில் 0.1 மில்லிமீட்டர் காற்றிடைவெளி ஏறக்குறைய 1 கிலோவோல்ட்டில் உடைந்து பொறி விடும். அந்த அளவுத் தட்டைக் குமிழியில் 1.15 கிலோவோல்ட் விழுகிறது, அது உடையும். உருண்டையில் 0.6-தான், அது தாங்கும்.

பொறி பாய்ந்ததும் நாம் வைத்த நிபந்தனையே தகர்ந்துவிடுகிறது. குமிழிச் சுவரில் இப்போது கட்டற்ற மின்னூட்டம் படிந்துவிட்டது. இடப்பெயர்ச்சியின் செங்குத்துக் கூறு இனி இருபுறமும் சமமில்லை. படிந்த மின்னூட்ட அடர்த்தியின் அளவுக்கு அது தாவுகிறது. அந்தப் படிவு குமிழிக்குள் இருக்கும் புலத்தை எதிர்த்துப் பொறியை அணைக்கும். ஆனால் மாறுமின்னோட்டம் திசை திரும்பும்போது அதே படிவு புதிய புலத்தோடு சேர்ந்துகொண்டு, அடுத்த பொறியை முன்னதாகவே கிளப்பிவிடும். 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு பொறியும் சுவரை இம்மியாக அரிக்க, நாளடைவில் பாலித்தீனுக்குள் மரக்கிளைபோல் மெல்லிய பாதைகள் படர்கின்றன. ஒரு கிளை மறுபக்கத்தைத் தொட்டால் கேபிள் வெடிக்கும்.

சோதனைக்கூடத்தில் இதைப் பிடிப்பது பகுதி மின்னிறக்கச் சோதனை. மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி, பிக்கோகூலோம் அளவிலான சிறு துடிப்புகளுக்காகக் காத்திருப்பார்கள். குமிழியிலிருந்து வரும் துடிப்புகள் பெரும்பாலும் அலை உச்சத்தை எட்டும் முன்பே, அது ஏறிக்கொண்டிருக்கும் பகுதியில் கூட்டமாகத் தெரியும். சுவரில் முன்பே படிந்திருந்த மின்னூட்டம் அவற்றை முந்தி வரவைக்கிறது.